பேக்கும் டேக்கும் நடுவில என்ன இருக்கு?

மஞ்சள் பெயின்ற்றையும் சிவப்புப் பெயின்ற்றையும் கலந்தால் செம்மஞ்சள் வரும். கலவையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் செம்மஞ்சளிலேயே பல வகை வரும். இதைச் சத்தத்தில் செய்து பார்த்தால்? 'பேக்கரி' எண்டு சொல்லேக்க வாயில் வருகிற அந்த முதல் 'பே'யை எடுத்து, சின்னச் சின்னப் படிகளாக மாற்றி மாற்றி, 'டேற்' எண்ட சொல்லின் 'டே' வரைக்கும் கொண்டுபோனால், நடுவில ஏதோ ஒரு புதுச் சத்தம் கேட்க வேணும் எண்டுதான் நினைப்போம். ஆனால் கேட்காது. ஒரு படி வரைக்கும் 'பே', அதற்கு அடுத்த ஒன்றிரண்டு படிக்குள்ளேயே 'டே'. செம்மஞ்சள் எண்டு ஒண்டு இல்லவே இல்லை.

இதை 'வகைப்படுத்திக் கேட்டல்' எண்டு சொல்லலாம். இது கண்டுபிடிக்கப்பட்ட கதை, யாரும் இதைத் தேடிப் போகாத ஓரிடத்தில் தொடங்குது.

இரண்டாம் உலகப்போர் முடிகிற காலம். போரில் பார்வையிழந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்கு, அச்சடித்த புத்தகத்தைச் சத்தமாக மாற்றித் தருகிற ஒரு வாசிப்பு இயந்திரம் செய்ய வேணும். நியூயோர்க்கில் இருந்த ஹஸ்கின்ஸ் ஆய்வுகூடம் இந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1944இல் அல்வின் லிபர்மன் எண்ட இளம் உளவியலாளர் அங்கே சேர்ந்தார். யோசனை எளிமையானது: ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு ஓசை. பழகப் பழக ஆக்கள் அதை மொழி போலவே கேட்கத் தொடங்கிவிடுவார்கள் எண்டு எதிர்பார்த்தார்கள். எத்தனை விதமாக ஓசைகளை மாற்றியும் அது நடக்கவில்லை. நாங்கள் சாதாரணமாகக் கதைக்கும்போது ஒரு செக்கனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஒலிகள் போகுது. அதே வேகத்தில் தனித்தனி ஓசைகளைப் போட்டால் காதில் வெறும் இரைச்சல்தான் விழும். அப்படியெண்டால், பேச்சில் மட்டும் அந்த வேகம் எப்படிச் சாத்தியமாகுது? வாசிப்பு இயந்திரத்தின் தோல்வி இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போனது.

விடை தேடுவதற்கு லிபர்மனின் சக ஆய்வாளர் பிராங்ளின் கூப்பர் ஒரு கருவி செய்தார். பேச்சைப் படமாகப் பதிகிற கருவிகள் அப்போது ஏற்கெனவே இருந்தன. அந்தப் படத்தில் இடமிருந்து வலம் நேரம் ஓடும், கீழிருந்து மேல் அதிர்வெண் ஏறும், வாயின் ஒத்ததிர்வுகள் கருமையான பட்டைகளாகத் தெரியும். கூப்பரின் கருவி இதைத் தலைகீழாகச் செய்தது. படத்தைக் கையால் வரைந்து கொடுத்தால், சுழலும் ஒரு வட்டின் ஊடாக ஒளியை அனுப்பி, அந்தப் படத்தைச் சத்தமாக்கித் தந்தது. வட்டில் 50 வரிசைகள். 120 ஹேர்ட்ஸ் தொடங்கி அதன் மடங்குகளாக 6000 ஹேர்ட்ஸ் வரைக்கும் போகும். குரல் ஒரே சுருதியில் தட்டையாகத்தான் வந்தது. ஆனால் சொல் விளங்கியது. பிளாஸ்ரிக் பட்டியில் தூரிகையால் கோடு போட்டுப் பேச்சை உருவாக்கினார்கள் எண்டது இப்ப நினைத்தாலும் கொஞ்சம் மந்திரம் மாதிரித்தான் இருக்கு.

இனிமேல் அவர்களால் மனித வாயால் செய்யவே முடியாத ஒன்றைச் செய்ய முடிந்தது. பேக்கரியின் 'பே', டேற்றின் 'டே', கேற்றின் 'கே' மூன்றையும் அந்தப் படத்தில் பார்த்தால் பட்டைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. முக்கிய வித்தியாசம் தொடக்கத்தில், இரண்டாவது பட்டை எங்கிருந்து வந்து உயிரொலியோடு சேருது எண்டதில்தான். நல்ல கீழேயிருந்து ஏறி வந்தால் 'பே'. ஏற்றம் குறைந்து மட்டத்துக்குக் கிட்ட வந்தால் 'டே'. மேலேயிருந்து இறங்கினால் 'கே'. லிபர்மனும் மூன்று கூட்டாளிகளும் அந்தத் தொடக்கப் புள்ளியைப் படிப்படியாக உயர்த்தி 14 சத்தங்கள் செய்தார்கள். ஒவ்வொரு படிக்கும் இடையில் ஒரே அளவு தூரம். 1957இல் வெளியான அவர்களுடைய கட்டுரைதான் இந்தத் துறையின் தொடக்கம் எண்டு சொல்லலாம்.

கேட்பவர்களுக்கு இரண்டு வேலை. முதலாவது, ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொல்வது: மூன்றில் எது? விடைகள் வழுக்கிக்கொண்டு மாறவில்லை, படிக்கட்டு மாதிரிச் சடாரென்று மாறின. இது மட்டுமெண்டால் பெரிய ஆச்சரியம் இல்லை. மூன்று பெட்டிதான் தந்தால் மூன்று பெட்டியில்தானே போட வேணும்! அதனால்தான் இரண்டாவது வேலை முக்கியம். ஒரு சத்தம், அதற்குப் பிறகு இன்னொரு சத்தம், மூன்றாவதாக அந்த இரண்டில் ஒன்று திரும்ப வரும். மூன்றாவது முதலாவதா, இரண்டாவதா? இங்கே பெயர் சொல்லத் தேவையில்லை, வித்தியாசம் கேட்டால் போதும். இரண்டு சத்தமும் 'பே' பக்கம் இருந்தபோது, விடை நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குக் கிட்டத்தான் இருந்தது. அதே அளவு தூரமுள்ள இரண்டு சத்தங்கள் 'பே'–'டே' எல்லைக்கு இரண்டு பக்கமும் விழுந்தபோது, ஆக்கள் நன்றாகப் பிரித்தறிந்தார்கள். பெயர் ஒன்றெண்டால் சத்தமும் ஒன்று மாதிரித்தான் கேட்டது.

ஏன் இப்படி? லிபர்மனின் விளக்கம் துணிச்சலானது. 'பே'க்கு உதடுகள் மூடித் திறக்குது. 'டே'க்கு நாக்கு நுனி. உதட்டுக்கும் நாக்குக்கும் நடுவில ஒரு உறுப்பு இல்லை. நாங்கள் கேட்பது சத்தத்தை அல்ல, அதை உண்டாக்கிய வாயின் அசைவை எண்டார் அவர். அப்படிப் பார்த்தால், பேச்சைக் கேட்பதுக்கு மனிதருக்கு மட்டுமே உரிய ஒரு தனி ஏற்பாடு மூளையில் இருக்க வேணும்.

இந்த இடத்தில் தமிழும் கதைக்குள் வருது. ஹஸ்கின்ஸில் வேலை செய்த லீ லிஸ்கரும் ஆர்தர் ஏப்ரம்சனும் 1964இல் 11 மொழிகளின் சொல்முதல் ஒலிகளை அளந்தார்கள். அதில் தமிழும் ஒன்று. அவர்கள் அளந்தது, உதடு திறப்பதற்கும் குரல்வளை அதிரத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள நேரம். 'பசி'யையும் 'பஸ்'ஸையும் சொல்லிப் பாருங்கோ. எழுத்து ஒன்று, ஆனால் 'பஸ்'ஸில் உதடு திறக்க முதலே தொண்டை அதிரத் தொடங்குது. எழுத்தில் இல்லாத வித்தியாசத்தை, கடன் சொற்களில் எங்கட வாய் வைத்திருக்கு. ஆங்கிலத்தில் எல்லை வேறு இடத்தில் விழுது: குரல் ஏறத்தாழ 25 மில்லிசெக்கன் பிந்தினால், 'பஸ்'ஸின் ஒலி மூச்சோடு வருகிற இன்னொரு ஒலியாக மாறிக் கேட்கும்.

இந்த நேர அளவு ஆய்வாளர்களுக்கு நல்ல வசதியாகப் போனது. 1971இல் பீற்றர் ஐமஸும் குழுவினரும் ஒரு மாத, நாலு மாதக் குழந்தைகளின் வாயில் சூப்பியைக் கொடுத்து, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அலுத்துப்போனால் குழந்தை சூப்புவதைக் குறைக்கும். புதுசாக ஏதும் கேட்டால் திரும்ப வேகமாகச் சூப்பும். 20 மில்லிசெக்கன் சத்தத்தை 40 ஆக மாற்றியபோது வேகம் கூடியது. 60ஐ 80 ஆக மாற்றியபோது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டிலும் வித்தியாசம் அதே 20தான். கதைக்கத் தெரியாத குழந்தைக்கே எல்லை தெரியுதெண்டால், அது பிறவியிலேயே வந்த மொழிக் கருவிதான் எண்டு பலர் முடிவு கட்டினார்கள்.

நாலு வருசம் கழித்துச் சின்சில்லா வந்தது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த, அடர்ந்த மயிருள்ள கொறிணி. காது கேட்கும் அளவு எங்களுக்குக் கிட்ட. பற்றீசியா கூலும் ஜேம்ஸ் மில்லரும் அதற்கு 0 மில்லிசெக்கன் சத்தத்தையும் 80 மில்லிசெக்கன் சத்தத்தையும் மட்டும் பிரித்தறியப் பழக்கினார்கள். பிறகு நடுவிலுள்ள சத்தங்களைப் போட்டார்கள். சின்சில்லாவின் எல்லை ஏறத்தாழ 33 மில்லிசெக்கனில் விழுந்தது. அதே சத்தங்களுக்கு ஆங்கிலம் பேசுபவர்களின் எல்லை ஏறத்தாழ 35. சின்சில்லா உதடு மூடி 'பே' சொல்லப்போவதில்லை. இரண்டு சத்தங்களில் எது முந்தி எண்டு கண்டுபிடிக்கக் காதுக்கு 20 மில்லிசெக்கன் அளவு இடைவெளி தேவை எண்டது முன்னமே தெரிந்த விசயம். காதில் இயல்பாகவே இருக்கிற மடிப்புகளில் மொழிகள் தங்கட எல்லைகளைப் போட்டுக்கொண்டன எண்ட விளக்கம் வலுத்தது. லிபர்மன் தன் கொள்கையைக் கைவிடவில்லை, வடிவத்தை மாற்றிக்கொண்டார்.

ஆனால் எங்களுக்குச் சின்சில்லாவை விடச் சுவாரசியமாகப் படுவது 1957 கட்டுரைக்குள்ளேயே கிடந்த ஒரு சின்ன விசயம். கேட்பவர்கள் கொடுத்த பெயர்களை மட்டும் வைத்து, அவர்கள் எவ்வளவு பிரித்தறிவார்கள் எண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உண்மையான விடைகள் அந்தக் கணக்கை விடக் கொஞ்சம் மேலேயே இருந்தன. பெயருக்கு அப்பால் ஏதோ கேட்டிருக்கு.

அது என்ன? மூன்று சத்தத்தை அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுவது ஞாபகத்துக்கான வேலையும்தான். மூன்றாவது வரும்போது முதலாவதின் நுணுக்கம் மங்கிவிடும், அதற்கு ஒட்டிய பெயர் மட்டும் மிஞ்சும். உயிரொலிகள் கொஞ்சம் நீளமானவை, ஞாபகத்தில் நிற்கும். அவற்றைப் படிப்படியாக மாற்றியபோது எல்லை இவ்வளவு கூர்மையாக வரவில்லை எண்டதும் 1962இலேயே அதே ஆய்வுகூடத்தில் தெரிந்திருந்தது. 1974இல் டேவிட் பிசோனியும் ஜெஃப்ரி ராஷும் விடையை விட்டுவிட்டு, விடை வர எடுத்த நேரத்தை அளந்தார்கள். ஒரே வகைக்குள் இருந்த இரண்டு வேறு சத்தங்களுக்கு ஆக்கள் 'ஒன்றுதான்' எண்டார்கள். ஆனால் உண்மையிலேயே ஒரே சத்தம் இரண்டு தடவை வந்ததை விட, அப்படிச் சொல்லக் கூடுதல் நேரம் எடுத்தது. வாய் 'ஒன்று' எண்டது, கை தயங்கியது.

2002இல் பொப் மக்மறேயும் கூட்டாளிகளும் கண்ணைப் பின்தொடர்ந்தார்கள். திரையில் படங்கள்: கடற்கரை, பீச்சஸ் பழம், வேறு சில. ஆங்கிலத்தில் முன்னிரண்டின் பெயர்களுக்கும் முதல் ஒலி மட்டும்தான் வித்தியாசம். கேட்ட சொல்லின் படத்தை மவுசால் அழுத்த வேணும். கடற்கரையைச் சரியாக அழுத்திய தடவைகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். சத்தம் எல்லைக்குக் கிட்டக் கிட்ட வர, கண் பழத்தின் பக்கம் போய்வருவது படிப்படியாகக் கூடியிருந்தது. முடிவு இரண்டில் ஒன்று. ஆனால் அதற்குக் கீழே செம்மஞ்சள் அப்படியே இருந்திருக்கு.

அது ஏன் அங்கே இருக்க வேணும் எண்டதுக்கு 1991இல் சிந்தியா கொனைனின் குழு செய்த பரிசோதனை ஒரு நல்ல பதில். ஆங்கிலத்தில் 'ரென்ற்' எண்டால் கூடாரம், 'டென்ற்' எண்டால் வாகனத்தில் விழுந்த நெளிவு. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு சத்தத்தை வசனத்தில் போட்டு, அதற்குப் பிறகு முகாம் பற்றியோ காரின் மட்காட் பற்றியோ ஒரு சொல்லை வைத்தார்கள். அந்தச் சொல் மூன்று அசைக்குள் வந்தால், ஏற்கெனவே கேட்டு முடிந்த சத்தத்தை ஆக்கள் அதற்கேற்றபடி எடுத்துக்கொண்டார்கள். ஆறேழு அசை தள்ளி வந்தபோது, அந்தப் பரிசோதனையில், அது பிந்திப்போயிருந்தது.