குவார்ட்டர் லைஃப் கிரைசிஸ்

இருபதுகளில் வேலை, பணம், உறவு எல்லாம் ஒரே நேரத்தில் கேள்விக்குறியாகும் தவிப்புக்கு இந்தப் பெயர். உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் 1965-இல் எழுதிய கட்டுரையால் அறிமுகமான ‘மிட் லைஃப் கிரைசிஸ்’தான் இதற்கு முன்னோடி. 2001-இல் அலெக்ஸாண்ட்ரா ராபின்ஸ், அப்பி வில்னர் இருவரும் அமெரிக்காவில் வெளியிட்ட நூல் ‘குவார்ட்டர் லைஃப் கிரைசிஸ்’ என்ற சொல்லைப் பரப்பியது. கிரைசிஸின் கிரேக்க வேருக்குத் ‘தீர்மானம்’ என்று பொருள். பழைய மருத்துவத்தில் நோய் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும் கட்டத்தையும் அது குறித்தது. அந்தப் பொருள்தான் இங்கே சரியாகப் பொருந்துகிறது.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஆலிவர் ராபின்சன் இதில் இருவகை காண்கிறார்: வேண்டியதற்குள் நுழைய முடியாதவர்கள், வேண்டாததற்குள் மாட்டிக்கொண்டவர்கள்.

இரண்டாம் வகையில், 26 வயதுப் பெண் ஒருத்திக்கு மாதச் சம்பளம் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 9,000, கல்விக்கடன் தவணை 8,000, வீட்டுக்கு 5,000 போனால் கையில் 10,000. சாப்பாடு, பஸ் போக 3,000 மிஞ்சினாலே பெரிது. புதுக் கார் அருகே நின்று போட்டோ போடும் தோழியைப் பார்த்துப் பொறாமை வரும்; அவளுக்குக் கல்விக்கடனே இல்லை என்பது போட்டோவில் தெரியாது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால் பொறாமை பாதி தணியும். உடனே ராஜினாமா செய்ய வழியில்லை என்பதும் புரியும். ஆகவே வேலையில் இருந்தபடியே, பிடித்த துறையை மாலை வகுப்பிலோ வார இறுதி வேலையிலோ சோதித்துப் பார்க்கலாம். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.