அஞ்சல் சதுரங்கம் மறைந்தது

கடலுக்கு இருபுறமும் இருந்தவர்களை ஒரே பலகையின் முன் உட்காரவைத்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பொறுமையாக உழைத்த அஞ்சல் சதுரங்கம் நம்மை விட்டுப் போய்விட்டது. 1824 முதல் 1828 வரை லண்டனும் எடின்பரோவும் கடிதம் வழியே மோதி, எடின்பரோ வென்ற பந்தயத்தில் அது பெயர் பெற்றது. 1869இல் ஆஸ்திரியாவில் பிறந்த அஞ்சலட்டை பத்தே ஆண்டில் இந்தியாவுக்கும் வந்து சேர, மன்றங்களில் ஆடப்பட்ட ஆட்டம் சாதாரண வீட்டுத் திண்ணைக்கு இறங்கி வந்தது.

அதற்கென்று எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி இருந்தது. பலகையின் எட்டு நேர்வரிசைகளும் எட்டுக் கிடைவரிசைகளும் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் பெற்றன; புறப்படும் கட்டத்துக்கு இரண்டு இலக்கம், சேரும் கட்டத்துக்கு இரண்டு. ராஜாவின் முன் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறினால் 5254. அட்டை வழியில் கழித்த நாள்கள் யார் கணக்கிலும் சேராது. பத்து நகர்வுக்கு முப்பது நாள் என்பது வழக்கம். அஞ்சல் முத்திரையின் தேதியே சாட்சி.

கும்பகோணத்தில் ஒரே பெஞ்சில் படித்த இருவரை நான் அறிவேன். பள்ளி நூலகத்துச் சதுரங்கப் புத்தகத்தில் இந்த எண்களைக் கண்டுபிடித்து, கணக்கு வகுப்பில் துண்டுச்சீட்டு கைமாற்றியே ஆடியவர்கள். சீட்டு பிடிபட்டாலும் ஆசிரியருக்கு அது கணக்காகத்தான் தெரியும். பிறகு ஒருவர் ஜெர்மனிக்குப் போனார், முகவரிகள் மாறின, பல ஆண்டுகள் பேச்சில்லை. எண்பதுகளில் ஒரு நாள் கும்பகோணத்துப் பழைய வீட்டுக்கு ஹாம்பர்க்கிலிருந்து ஓர் அட்டை வந்தது. நலமா என்றுகூட இல்லை. அனுப்பியவர் முகவரியும் 5254 என்ற எண்ணும் மட்டும். பெற்றவர் அன்றே 5755 என்று எழுதித் தபால்பெட்டியில் போட்டார்.

அடுத்தடுத்த அட்டைகளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது. 7163, மகன் பிறந்திருக்கிறான். 4746, அப்பா போய்விட்டார். 6134, 3874, 2133, 7776 என்று மாதங்கள் நகர்ந்தன. ஐந்தாவது நகர்வாக ஹாம்பர்க்கிலிருந்து 6355 வந்தது: ராணியை வெட்டுக்கு விட்டுவிட்டு, குதிரை சிப்பாயை வெட்டியிருந்தது.

இவ்வாட்டத்தில் ‘எனில்’ என்றொரு நல்வழக்கம் உண்டு. எதிராளி இன்னது ஆடினால் என் பதில் இது என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் தபால் செலவும் இரண்டு வாரமும் மிச்சமாகும். ஆனால் பொறி வைக்கும் அட்டையில் அதை எழுத முடியாது. எழுதினால் பொறி வெளிப்பட்டுவிடும். அந்த அட்டையில் ‘எனில்’ இல்லை. அந்தக் குதிரையைச் சிப்பாயால் வெட்டியிருந்தால் ஒரு சிப்பாய் இழப்போடு ஆட்டம் நீண்டிருக்கும். கும்பகோணத்தார் ராணியை வெட்டி 7441 அனுப்பினார். திரும்பி வந்தது: 3467, 5857 எனில் 3345. மந்திரி செக் கொடுக்க, கறுப்பு ராஜாவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் திறந்திருந்தது; அங்கே போனால் இரண்டு குதிரைகளும் அந்த மந்திரியும் சேர்ந்து ஆட்டத்தை முடிக்கும். ஒரே அட்டையில் முடிவுவரை எழுதியாயிற்று. தோற்றவர் பதிலாக எழுதியது எட்டுப் பக்கக் கடிதம். அடுத்த ஆட்டம் அந்தக் கடிதத்தின் ஓரத்திலேயே தொடங்கியது.

நாடுகளைவிட நீண்ட ஆயுள் அதற்கு இருந்தது. 1987இல் தொடங்கிய பத்தாவது அஞ்சல் ஒலிம்பியாடின் இறுதிச் சுற்று 1995இல் முடிந்தபோது, தங்கம் வென்ற சோவியத் ஒன்றியமும் வெண்கலம் வென்ற கிழக்கு ஜெர்மனியும் வரைபடத்தில் இல்லை. அட்டைகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன.

பிறகு மின்னஞ்சல் வந்தது. 2004இல் சர்வதேச அஞ்சல் சதுரங்கக் கூட்டமைப்பு இணையத்தில் தனி ஆடுகளம் அமைத்தது. கணினியின் துணையோடு ஆடலாம் என்றான பிறகு, அங்கே உயர்நிலை ஆட்டங்களில் பெரும்பாலானவை சமனில் முடிகின்றன. அட்டையின் உயிரை வாங்கியது வேகம் மட்டுமல்ல. இருவர் தனியாக உட்கார்ந்து தவறு செய்வதற்கான இடமும் இல்லாமல் போனது என்பேன்.

அந்த நண்பர்கள் இப்போது கைப்பேசியில் ஆடுகிறார்கள். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் எழுத இடமில்லை. உங்கள் வீட்டுப் பரணில் நான்கிலக்க எண்கள் எழுதிய பழைய அட்டைகள் கிடைத்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.