கடைக் குத்தகை: தமிழில் தவறும் நான்கு இடங்கள்

ஊர்காவற்றுறையில் கடை எடுக்கவிருந்த அண்ணை ஒருவர், உரிமையாளர் கனடாவிலிருந்து அனுப்பிய ஆங்கில ஒப்பந்தத்தை என்னிடம் தந்தார். ஐந்து வருடக் குத்தகை. மாத வாடகை 20,000 ரூபாய், பராமரிப்பு 1,500 ரூபாய்.

"வருடாந்தம் 10 வீத உயர்வு" என்று முதலில் எழுதினேன். எதன் மீது 10 வீதம்? மூலத்தில் "அப்போது செலுத்தும் வாடகை மீது" என்றிருந்தது. அப்படியானால் ஐந்தாம் வருட வாடகை 29,282 ரூபாய். ஆரம்ப வாடகை மீது என்றால் 28,000 மட்டுமே. இரண்டு தொகைகளையும் சேர்த்து "மாதக் கட்டணம்" என்று எழுதியிருந்தால், பராமரிப்புக்கும் உயர்வு வந்திருக்கும். மூலத்தில் அது வாடகைக்கு மட்டுமே.

முதல் 18 மாதம் விலக முடியாது என்ற வாசகத்தை "இரு தரப்பும்" என்று எழுதிவிட்டேன். மூலம் கட்டியது குத்தகைக்காரரை மட்டுமே. உரிமையாளர் மூன்று மாத அறிவித்தலுடன் எழுப்பலாம். அதை வாசித்த பிறகே அண்ணை திருத்தம் கேட்டார்.

முற்பணம் திரும்புவது குத்தகை முடிந்து 30 நாளில் அல்ல. கடையை வெறுமையாக்கி ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாளில், நிலுவைகள் கழித்து. திறப்பு பிந்தினால் பணமும் பிந்தும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட வேண்டும். ஒப்பமிட்டால் கட்டுப்படுத்துவது அந்த மூலமே. தமிழ்ப் பிரதியை அதற்கு முன்பே, வாசக இலக்கப்படி பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.