இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் போரிடுவது எப்படி? வியூக விளையாட்டில் காட்சி விசைகளும் Shift வரிசைக் கட்டளைகளும்

2024 ஓகஸ்ட் மாதம் ரியாத்தில் நடந்த ஈஸ்போர்ட்ஸ் உலகக் கிண்ணத்தின் ஸ்டார்கிராஃப்ட் 2 இறுதிப் போட்டியில் பிரான்சைச் சேர்ந்த கிளெம், பின்லாந்தின் செராலை வென்றார். டெரன் அணியில் ஆடும் கிளெம், ஒரு பக்கம் பெரும்படையை மோதவிட்டபடியே இன்னொரு பக்கம் எதிராளியின் தளத்துக்குள் வீரர்களை இறக்கும் ஆட்டத்துக்குப் பெயர்பெற்றவர். விரல் வேகம் மட்டும் இதற்குப் போதாது. இரண்டு சிறிய வழக்கங்களும் தேவை. அவற்றை வீட்டில் விளையாடும் பிள்ளைகளும் பழகலாம்.

முதலாவது, காட்சி இடத்தைச் சேமித்து வைப்பது. ஸ்டார்கிராஃப்ட் 2 இன் வழமையான விசை அமைப்பில், திரையை ஓர் இடத்துக்கு நகர்த்தி Ctrl+F5 அழுத்தினால் அந்த இடம் சேமிக்கப்படும். பிறகு எங்கிருந்தாலும் F5 அழுத்தினால் திரை அங்கே தாவும். F8 வரை நான்கு இடங்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் ஸ்டார்கிராஃப்டில் Shift+F2 முதல் Shift+F4 வரை சேமித்து, F2 முதல் F4 வரை அழுத்தித் திரும்பினார்கள்.

படைகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணை இருமுறை தட்டினாலும் திரை தாவும். ஆனால் அது படை நிற்கும் இடத்துக்கே கொண்டுபோகும். படை அழிந்துவிட்டால் எங்கும் போகாது. காட்சி விசையோ படை இன்னும் போய்ச்சேராத இடத்தையும் காட்டும்.

இரண்டாவது, Shift. சாதாரணமாகப் புதிய கட்டளை பழையதை அழித்துவிடும். Shift ஐப் பிடித்தபடி கொடுத்தால், பழைய வேலை முடிந்தபின் இது தொடங்கும்.

இனி ஒரு தாக்குதலைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆட்டத்தின் தொடக்கத்தில் வேலை குறைவு. அப்போதே வீட்டுத் தளத்தை F5 இலும், இரண்டாம் தளத்தை F6 இலும், படை கூடும் முன்னரங்கை F7 இலும், எதிராளியின் கனிமங்களுக்குப் பின்னாலுள்ள வெளியை F8 இலும் சேமியுங்கள்.

படை தயாரானதும் ஒரு மெடிவாக் விமானத்தில் எட்டு மரீன்களை ஏற்றுங்கள். அதன் கொள்ளளவு அவ்வளவுதான். பின் மெடிவாக்கை மட்டும் தெரிவுசெய்து, சிறுவரைபடத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியில் வலது சொடுக்குங்கள். இந்த முதற் கட்டளைக்கு Shift வேண்டாம். அப்போதுதான் பழைய கட்டளை ஏதும் இருந்தால் நீங்கும். அடுத்த புள்ளிகளை Shift பிடித்தபடி ஓரமாகவே கொடுங்கள். கடைசியாக F8 அழுத்தி, இறக்குவதற்கான D ஐ அழுத்தி, Shift பிடித்தபடி இறங்கும் இடத்தில் இடது சொடுக்குங்கள். இடையில் Shift ஐ விட்டாலும் வரிசை கலையாது. விட்டபடியே சொடுக்கினால்தான் கலையும்.

விமானம் பறக்கும் நேரம் உங்களுக்கு மிச்சம். F5 க்குத் திரும்பி, தொழிலாளியைத் தெரிவுசெய்து B, S அழுத்திக் களஞ்சியம் கட்டச் சொல்லுங்கள். உடனே Shift பிடித்துக் கனிமத்தில் வலது சொடுக்கினால், கட்டி முடித்ததும் அவர் தானாக வேலைக்குத் திரும்புவார். இல்லாவிட்டால் சும்மா நிற்பார். பிறகு F7 இல் பெரும்படையை A கொடுத்து முன்னேற்றுங்கள். இறக்கம் தொடங்கும் நேரத்தில் F8 க்குப் போய், மரீன்களுக்கும் A கொடுத்துக் கனிமத் தொழிலாளரை நோக்கி அனுப்புங்கள். இறங்கிய இடத்திலேயே விட்டால் எட்டும் தூரத்தில் வருவதை மட்டுமே சுடுவார்கள்.

பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான்: வரிசைக்குக் கண் இல்லை. வழியில் எதிராளி ஏவுகணைக் கோபுரம் கட்டியிருந்தாலும் மெடிவாக் அதன் மேலேயே பறக்கும். சுட்டு வீழ்ந்தால் 400 கனிம மதிப்புள்ள எட்டு மரீன்களும் அதனுடன் போய்விடும். சிறுவரைபடத்தில் எச்சரிக்கை தெரிந்ததும் Space அழுத்துங்கள். திரை அங்கே போகும். Shift இல்லாமல் பின்னோக்கி ஒரு வலது சொடுக்கு, முழு வரிசையையும் அழித்து விமானத்தைத் திருப்பும். ஆகவே வழிப்புள்ளிகள் மூன்று நான்கு போதும். போகும் வழியில் ஒருதடவையாவது அதைப் பாருங்கள்.

இன்னொரு பிழை, பழைய காட்சி. முன்னரங்கு நகர்ந்தபின்னும் F7 பழைய வெற்றிடத்தையே காட்டும். தளம் மாறும்போதெல்லாம் Ctrl உடன் மீண்டும் சேமியுங்கள்.

மடிக்கணினியில் F5 அழுத்தும்போது ஒலியோ வெளிச்சமோ மாறினால், பிழை உங்களுடையதல்ல. Fn விசையையும் சேர்த்து அழுத்துங்கள், அல்லது விளையாட்டின் விசை அமைப்பில் எளிதான வேறு விசைகளுக்கு மாற்றுங்கள். பழகுவதற்குக் கணினியையே எதிராளியாக வைத்து, முதலில் F5, F7 இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். விரல் தானாகப் போகத் தொடங்கியபின் F8 ஐச் சேருங்கள்.