மூன்றாம் சரணம் எங்கே?

கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு, அன்று இரவே அம்பத்தூரில் எங்கள் பஜனைக் குழு முதல் வீட்டில் கூடியது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது முன்பாட்டுக்காரர், "அடுத்து சரணம், சாமி" என்றார். அவர் கேட்டது பாட்டின் அடுத்த பகுதியை. ஆனால் பின்வரிசையில் இருந்தவர்கள் கையைத் தூக்கிச் சரண கோஷம் எழுப்பிவிட்டார்கள். ஆர்மோனியம் நின்றது; பாட்டை மறுபடி பல்லவியிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. யார் மீதும் பிழை இல்லை. கையில் இருந்த பாட்டுப் புத்தகத்திலேயே 'சரணம்' என்ற தலைப்பு இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் நூற்றெட்டுச் சரணங்கள், ஒன்று முதல் எண் போட்டு. உள்ளே ஒவ்வொரு பாட்டிலும் சரணம் 1, சரணம் 2, சரணம் 3. "முதல் சரணம்" என்றால் எது?

அடுத்த ஆண்டுக்குப் புதிய புத்தகம் போடும் வேலை என்னிடம் வந்தபோது, இந்தச் சொல்லின் பின்னால் போக வேண்டியிருந்தது.

இவை ஒரு சொல்லே அல்ல, இரண்டு சொற்கள். வடமொழியில் ஒன்றின் தொடக்க எழுத்து 'சக்கரம்' என்பதன் சகரம். அந்தச் சரணத்துக்குக் கால், பாதம் என்று பொருள். மற்றொன்று 'சிவன்' என்பதை வடமொழியில் எழுதும்போது வரும் வேறொரு சகரத்தில் தொடங்குவது. அதற்குப் புகலிடம், காப்பு என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ச' என்பதால், வேறுவேறு ஊரிலிருந்து வந்த இருவர் ஒரே சட்டை போட்டுக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. சென்னைப் பேச்சில் இரண்டையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வேரைப் பார்த்து இவற்றைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது.

எங்கள் குழுவில் ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வரும் மலையாளி ஒருவர் உண்டு. பூவிருந்தவல்லிப் பக்கமிருந்து வரும் தெலுங்கர் ஒருவரும் உண்டு. அவர்கள் இருவருக்கும் இந்தக் குழப்பம் கிடையாது. மலையாளத்திலும் தெலுங்கிலும் பாட்டின் சரணத்துக்கு ஓர் எழுத்து, ஐயப்பனைக் கூப்பிடும் சரணத்துக்கு வேறோர் எழுத்து, ஒலியும் வேறு. மலையாளி சாமி இரண்டையும் சொல்லிக்காட்டிய பிறகுதான் எனக்கே வித்தியாசம் காதில் விழுந்தது.

புகலிடம் என்னும் சரணம் தமிழில் பழைய குடி. 'சரண்' என்ற வடிவில் ஆழ்வார் பாசுரங்களிலேயே வந்துவிட்டது. சரணடைதல், சரண் புகுதல், சரணாகதி எல்லாம் இந்தக் கிளை. எங்கள் மேற்குப் பகுதிக்கு இது சொந்தக் கதையும்கூட. காஞ்சி வரதருக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் பூவிருந்தவல்லி. ராமாநுஜருக்காக அவர் வரதரிடம் கேட்டுவந்த ஆறு வார்த்தைகளில், சரணாகதியே வழி என்பதும் ஒன்று என்று வைணவ மரபு சொல்கிறது.

காலைக் குறிக்கும் சரணம் 'சரண கமலம்', 'சரணாரவிந்தம்' என்று பக்திப் பாட்டுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. கால் எப்படிப் பாட்டின் பகுதியானது என்பது தமிழருக்கு எளிதில் விளங்கும். நாமும் 'அடி' என்ற ஒரே சொல்லால் பாதத்தையும் சொல்கிறோம், செய்யுள் வரியையும் சொல்கிறோம். வடமொழி யாப்பிலும் செய்யுளின் காற்பகுதிக்குப் பாதம் என்றே பெயர். இசைப்பாட்டுக்கு வந்தபோது சரணம் என்பது ஒரு வரியிலிருந்து விரிந்து, பல வரி கொண்ட ஒரு முழுக் கண்ணியின் பெயராயிற்று. திருமலையில் செப்பேடுகளில் வெட்டிவைத்த அன்னமாச்சாரியார் (1408–1503) கீர்த்தனைகளில் ஒரு பல்லவியும் அதன்பின் பெரும்பாலும் மூன்று சரணங்களும் இருக்கும். தமிழில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்புக்கு முன்னோடியாகச் சீர்காழி முத்துத்தாண்டவரைச் சொல்வார்கள். தமிழிசை இயக்கத்தார் இம்மூன்றையும் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று பெயர்த்தார்கள். மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் நான்கு சரணம் உள்ள பாட்டில் முதல் சரணத்தை 'முடிப்பு' என்றால் நாக்கு வளையவில்லை. அதனாலோ என்னவோ, பஜனைக் கூடத்துக்குள் அவை வரவில்லை.

பல்லவி என்பதைத் தளிர் என்று பொருள்படும் பல்லவம் என்பதோடு சேர்த்துச் சொல்வார்கள். பதம், லயம், விந்யாசம் என்று எழுத்துப் பிரித்துச் சொல்லும் விளக்கமும் உண்டு. அது பின்னால் பொருத்திய அழகு என்றே எனக்குப் படுகிறது. தளிர் என்பதே வேலையைச் சரியாகச் சொல்கிறது. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாட்டு அங்கேதான் மறுபடி துளிர்க்கிறது, கூட்டம் முழுவதும் சேர்வதும் அங்கேதான்.

பல்லவி வருவதற்கு முன்னும் தமிழில் திரும்பத் திரும்ப வரும் வரி இருந்தது. ஆனால் அது தலையில் நிற்காது, கடைசியில் நிற்கும். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் கோயில் இருக்கிறது. கண்ணிழந்த சுந்தரர் அங்கே பாடிய பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும் துயர் களையச் சொல்லும் ஒரே விளியில் போய் முடியும். இப்படி ஒவ்வொரு செய்யுளின் இறுதியிலும் மாறாமல் வருவதற்கு மகுடம் என்று பெயர். பல்லவியைத் தனியாக எடுத்துத் தலையில் வைக்கலாம். மகுடத்தைப் பாட்டிலிருந்து கழற்ற முடியாது. வாக்கியமே அதில்தான் முடியும்.

இந்த வேறுபாடு எண் போடும் இடத்திலும் தெரிகிறது. ஓலைச்சுவடியில் பாட்டின் எண் பாட்டு முடிந்த பிறகு வரும். தேவாரம், பிரபந்தம் பதிப்புகளில் இன்றும் எண் கடைசி அடிக்குப் பின், வலது ஓரத்தில்தான் நிற்கிறது. அது கணக்கு எண்: இத்தனை பாட்டு ஆயிற்று என்று சொல்கிறது. கீர்த்தனைப் புத்தகங்களில் எண் இடது ஓரத்தில், சரணத்தின் முன்னால் நிற்கிறது. அது கூப்பிடும் எண்: இனி இதைப் பாடு என்கிறது. முன்பாட்டுக்காரர் "மூணாவது, சாமி" என்றதும் கண் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்கித் தேடுகிறது. எங்கள் பழைய புத்தகத்தில் சில பாட்டுகள் ஒரு முறையிலும் சில மற்ற முறையிலும் இருந்தன. பல இடங்களிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்த புத்தகம் அது. முடிவில் நிற்கும் 2 என்ற எண்ணைப் பார்த்து, அடுத்திருக்கும் மூன்றாம் சரணத்தை இரண்டாவது என்று எடுத்துப் பாடியவர்கள் உண்டு.

ஜெராக்ஸின் இன்னொரு கேடு புள்ளி. இரண்டு மூன்று முறை பிரதி எடுத்தால் சிறிய எழுத்தில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளிதான். அதன்பின் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள சுழி அடைத்துக்கொள்கிறது. 'வினை' எது 'வீணை' எது என்று விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. ஆகவே பெரிய எழுத்து என்பது வயதானவர் கண்ணுக்கு மட்டுமானது அல்ல. தரையில் சம்மணமிட்டு, புத்தகத்தை மடியில் வைத்து, இரு கையாலும் ஜால்ரா தட்டும் இளைஞருக்கும் அது வேண்டும்.

கடைசியாக, பல்லவியை எப்படிக் காட்டுவது. கிறித்தவக் கீர்த்தனைப் புத்தகங்களிலும் கர்நாடக இசைப் புத்தகங்களிலும் ஒரு பழைய வழக்கம் உண்டு: ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் சிறு கோடு இழுத்தோ, அடைப்புக்குள்ளோ பல்லவியின் முதற்சொல்லை மட்டும் அச்சிடுவார்கள். பாட்டு மனப்பாடமானவருக்கு அது போதும். புதிதாக வந்தவருக்குப் போதாது. அவர் பல்லவியைத் தேடி முதல் பக்கத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் கூட்டம் அடுத்த சரணத்தில் இருக்கும். முழுப் பல்லவியையும் ஒவ்வொரு தடவையும் அச்சிட்டால் பக்கம் கூடும் என்று குழுவில் சிலர் தயங்கினார்கள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம்.

ஏ4 தாளைப் பாதியாக மடித்த புத்தகம். பக்கத்தின் உயரம் 210 மில்லிமீட்டர். மேலும் கீழும் 15 விட்டால் 180. எழுத்து 18 பாயின்ட், வரிக்கு வரி 27 பாயின்ட் வைத்தால் ஒரு வரி ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் பிடிக்கும். பக்கத்துக்கு 18 வரி. இரண்டு வரிப் பல்லவியும் நான்கு வரிச் சரணங்கள் நான்கும் கொண்ட ஒரு பாட்டை எடுத்துக்கொண்டோம். முதற்சொல் முறையில் தலைப்பு 1, பல்லவி 2, சரணங்கள் 16, இடைவெளிக்கு அரை அரை வரியாக 2, ஆக 21. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எப்படியும் இரண்டாம் பக்கம் வேண்டும். அப்படியானால் முழுப் பல்லவியையும் நான்கு முறை அச்சிட்டால்? 31 வரி. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து 36 வரி கொள்ளும், சரியாக அடங்கிவிட்டது. இன்னொன்றும் தானாக அமைந்தது. இரண்டாம் சரணத்துக்குப் பிந்தைய பல்லவி 17ஆம் வரியில் முடிகிறது. மூன்றாம் சரணம் வலப்பக்கத்தின் உச்சியில் தொடங்குகிறது. பாட்டின் நடுவில் தாள் புரட்ட வேண்டியதே இல்லை.

இதையே சட்டமாக்கினோம். ஒவ்வொரு பாட்டும் இடப்பக்கத்தில் தொடங்கும், விரித்த இரண்டு பக்கத்துக்குள் முடியும். 20 பாட்டுக்கு 40 பக்கம். முதல் பக்கம் அட்டவணை, பாட்டுகள் 2 முதல் 41 வரை. மடித்து நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்காக வேண்டும் என்பதால் மொத்தம் 44, பதினொரு தாள். மிஞ்சிய மூன்று பக்கத்தில் நூற்றெட்டும் இந்த எழுத்தில் அடங்கவில்லை, 54 மட்டுமே அடங்கும். அதனால் அவற்றை மட்டும் தனி மடிப்பாகப் போட்டோம். ஒருவர் சொல்ல மற்றவர் வாங்கிச் சொல்வது அது. சொல்பவர் கையில் இருந்தால் போதும். அந்த மூன்று பக்கத்துக்குத் திருமுல்லைவாயில் பதிகத்தின் சில பாடல்கள் வந்தன.

பல்லவி தடித்த எழுத்தில், இரண்டு எழுத்து அகலம் உள்ளே தள்ளி, இடப்புறம் ஒரு நெட்டுக்கோட்டுடன் நிற்கிறது. நிறத்தை நம்பவில்லை, கறுப்பு வெள்ளையில் பிரதி எடுப்பவர்கள் இருப்பார்கள். ஒரு வரியில் இருபது எழுத்துக்குச் சற்று மேல்தான் கொள்கிறது என்பதால், நீண்ட வரிகளை மூச்சு வாங்கும் இடத்தில் மடித்தோம். இயந்திரம் விருப்பப்படி மடித்த இடங்களில் கூட்டம் சொல்லின் நடுவில் மூச்சு விட்டதைப் பழைய புத்தகத்தில் பார்த்திருந்தோம். சரண எண்கள் இடது ஓரத்தில், எழுத்தைவிடப் பெரிதாக, 1, 2, 3 என்று மட்டும். 'சரணம்' என்ற சொல்லை எண்ணுக்கு மேலிருந்து எடுத்துவிட்டோம். அது இப்போது ஐயனைக் கூப்பிடும் இடத்தில் மட்டும் இருக்கிறது.

அச்சுக்குப் போகும் முன், பதிகத்தின் எண்கள் மட்டும் ஏன் வலப்பக்கம் முடிவில் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒன்றுபோல் ஆக்கிவிடலாமே என்று மெய்ப்பு பார்த்தவர் கேட்டார். பதிகத்தில் நடுவிலிருந்து ஒரு பாட்டை எண் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை என்றேன். அவர் பென்சிலில் போட்ட அம்புக்குறிகளை அழித்துவிட்டார்.