ஒரு மணிநேர வாளிக்குள் ஒரு காந்தப் புயல்

மக்களே, இது கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம், கொஞ்சம் வரலாறு. ரெண்டையும் கலந்து அடிக்கிறேன். பொட்டி சமாச்சாரம் புடிக்காதவங்க கட்டத்துக்குள்ள இருக்கற நிரலைத் தாண்டிப் போயிடுங்க, கதை புரியும் :-)

சென்சார் அளவுகளை டேபிள்ல போட்டு வெச்சிருக்கற யாருமே செய்யுற வேலை ஒண்ணு இருக்கு. பத்து விநாடிக்கு ஒண்ணு, நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வந்து குவியற வரிசைகளை அப்படியே வரைபடமாப் போட முடியாது. அதனால நேரத்தை ஒரு மணி ஒரு மணியா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் விழுந்த அளவுகளுக்கு சராசரி எடுத்து, ஒரே ஒரு எண்ணா சுருக்கிடுவோம். அந்தத் துண்டுக்குத்தான் பக்கெட், அதாவது வாளின்னு பேரு. போஸ்ட்கிரெஸ் மேல உட்கார்ந்திருக்கற டைம்ஸ்கேல்டிபி-ல இதுக்குன்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு:

```sql
SELECT time_bucket('1 hour', ts) AS hr,
       avg(h), min(h), count(*)
FROM mag
GROUP BY hr ORDER BY hr;
```

அம்புட்டுதான். ஆனா இந்த நாலு வரி ஒரு புயலை பாதியா குறைச்சிடும். நான் சும்மா சொல்லல, நிஜமாவே ஒரு புயல் குறைஞ்சிருக்கு. அதுவும் நம்ம ஊர் பம்பாய்ல எடுத்த அளவுல.

1859 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்துல ரிச்சர்ட் காரிங்டன்-ங்கற வானியலாளர் சூரியப் புள்ளிகளை படம் வரைஞ்சிட்டு இருந்தப்ப, சூரியன்மேல திடீர்னு ஒரு வெள்ளை வெளிச்சம் வெடிக்கறதைப் பார்த்தார். சுமார் பதினேழரை மணிநேரம் கழிச்சு பூமியோட காந்தப்புலம் ஆட்டம் கண்டுச்சு. தந்திக் கம்பிகள்ல தானா மின்சாரம் ஓடுச்சு, வழக்கமா துருவத்துப் பக்கம் மட்டும் தெரியற துருவ ஒளி ரொம்ப தெற்கே வரைக்கும் தெரிஞ்சுது.

அந்த நேரத்துல பம்பாய் கொலாபா வானாய்வகத்துல ஆளுங்க உட்கார்ந்து காந்தமானியை கண்ணாலப் பார்த்து, கையால நோட்டுல எழுதிட்டு இருந்தாங்க. அங்க 1840-கள்லேர்ந்தே இது நடந்துட்டு இருந்த வேலை. சாதாரண நாள்ல மணிக்கு ஒரு தடவை படிப்பாங்க. ஊசி தாறுமாறா ஆடினா பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு படிப்பாங்க. 1859 செப்டம்பர் 2 முற்பகல்ல அப்படித்தான் படிச்சாங்க.

அந்த ஏடுகள் அச்சாகி, தூசி படிஞ்சு கிடந்துச்சு. 2003-ல புரூஸ் சுருட்டானியும், நம்ம இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தைச் சேர்ந்த லக்கினா, அலெக்ஸ் ஆகியோரும் இன்னொருத்தரும் சேர்ந்து அதை எடுத்து ஆராய்ஞ்சு கட்டுரை போட்டாங்க. காந்தப்புலத்தோட கிடைமட்டப் பகுதி சுமார் 1600 நானோடெஸ்லா விழுந்திருந்துச்சு. அமைதியான நாள்ல இந்த அளவு சில பத்து நானோடெஸ்லாதான் ஆடும். 1989-ல கனடாவோட கியூபெக் மாகாணத்தையே இருட்டாக்கின புயலோட அதிகபட்ச அளவு மைனஸ் 589. அதாவது 1859 அதைவிட கிட்டத்தட்ட மூணு மடங்கு!

இங்கதான் கதையில திருப்பம். 2006-ல ஜார்ஜ் சிஸ்கோவும் கூட ரெண்டு பேரும் ஒரு கேள்வி கேட்டாங்க. 1989-ஓட எண் எப்படி வந்துச்சு? அது Dst-ங்கற குறியீடு. நிலநடுக்கோட்டுக்கு கொஞ்சம் தள்ளி இருக்கற நாலு நிலையங்களோட அளவை, ஒரு மணிநேர சராசரியா எடுத்துப் போடறது. கொலாபா எண்ணோ நொடிப்பொழுது உச்சம். ஒருத்தனோட மாச சம்பளத்தையும் இன்னொருத்தனோட ஒரு நாள் வரவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கற மாதிரி. சரி, கொலாபா அளவையும் மணிநேர வாளிக்குள்ள போட்டா? சுமார் மைனஸ் 850.

அதே புயல், அதே நோட்டு. பாதியாப் போச்சு.

எப்படி இவ்ளோ வித்தியாசம் வருதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். கீழ இருக்கறது கொலாபா ஏட்டுல இருக்கற எண்கள் இல்ல, கணக்கு சுலபமா இருக்கணும்னு நானே போட்டது. 11:00 மணிக்கு -100. 11:15-க்கு -400. ஊசி ஆட ஆரம்பிச்சதும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணா படிக்கறாங்க: 11:30-க்கு -1200, 11:35-க்கு -1600, 11:40-க்கு -1400. 11:45-க்கு -800. அப்புறம் பழையபடி 12:00-க்கு -500, 12:15-க்கு -400, 12:30-க்கு அடுத்தது.

11 மணி வாளில ஆறு வரிசை இருக்கு. `avg(h)` போட்டா கூட்டுத்தொகை -5500, ஆறால வகுத்தா -917. சரியா இருக்கற மாதிரிதான் தெரியும். ஆனா பாருங்க, மோசமான பதினஞ்சு நிமிஷத்துக்கு மூணு வரிசை, அமைதியான முதல் அரை மணிநேரத்துக்கு ரெண்டே வரிசை. `avg` வரிசைகளைத்தான் எண்ணும், நிமிஷங்களை எண்ணாது. படிக்கற ஆள் பதறிப்போய் அடிக்கடி படிச்சதாலயே சராசரி பெருசாயிடுச்சு.

நியாயமா செய்யணும்னா ஒவ்வொரு அளவும் அடுத்த அளவு வர்ற வரைக்கும் எத்தனை நேரம் செல்லும்னு பார்த்து எடை போடணும்:

```sql
SELECT time_bucket('1 hour', ts) AS hr,
       sum(h * secs) / sum(secs) AS tw_avg
FROM (SELECT ts, h,
        extract(epoch FROM
          lead(ts) OVER (ORDER BY ts) - ts) AS secs
      FROM mag) t
GROUP BY hr ORDER BY hr;
```

இப்ப முதல் ரெண்டு அளவுக்கும் பதினஞ்சு பதினஞ்சு நிமிஷம், நடுவுல மூணுக்கு அஞ்சஞ்சு நிமிஷம், கடைசிக்கு பதினஞ்சு. கூட்டி அறுபதால வகுத்தா -675. அதே மணிநேரத்துக்கு உச்சம் -1600, சாதா சராசரி -917, நேர எடை போட்ட சராசரி -675. மூணுமே கணக்கு தப்பில்லாத எண்கள்தான்! (இந்த நிரல்ல ஒரு குறை: வாளியோட விளிம்பைத் தாண்டற இடைவெளியை முழுசா முந்தின வாளிக்கே எழுதிடும். நம்ம உதாரணத்துல மணி அடிச்சப்ப சரியா ஒரு அளவு இருக்கறதால தப்பிச்சோம்.)

இது நடக்குதான்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி `count(*)`. எல்லா வாளிலயும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை இருந்தா சாதா `avg` போதும். திடீர்னு ஒண்ணுல மட்டும் எகிறினா அந்த சராசரியை நம்பாதீங்க. மதிப்பு மாறினா மட்டும் அனுப்பற சென்சார்கள் இன்னிக்கும் கொலாபா ஆளுங்க செஞ்சதையேதான் செய்யுது.

அடுத்தது, வாளியோட விளிம்பு எங்க இருக்கு? அதே எண்களை 11:30-லேர்ந்து 12:30 வரைன்னு வெட்டிப் பாருங்க. நேர எடை போட்ட சராசரி -775 வரும். கத்தியை அரை மணிநேரம் நகர்த்தினதுக்கே நூறு நானோடெஸ்லா வித்தியாசம். சரி, யாரு அரை மணி நகர்த்தப் போறா-ங்கறீங்களா? நாமதான்! நேர மண்டலத்தோட சேமிச்ச நேரத்தை `time_bucket` சர்வதேச நேரப்படி வெட்டும். நம்ம நேரம் அதுக்கு அஞ்சரை மணி முன்னாடி. அதனால நம்ம ஊர் கணக்குல வாளி 10:30, 11:30, 12:30-ன்னுதான் தொடங்கும். போஸ்ட்கிரெஸ்ஸோட பழைய `date_trunc` நம்ம அமர்வோட நேர மண்டலத்தைப் பார்த்து 11:00, 12:00-ன்னு வெட்டும். ஒரே டேபிள், ரெண்டு ஃபங்ஷன், ரெண்டு விதமான மணிநேரம். `time_bucket('1 hour', ts, 'Asia/Kolkata')`-ன்னு எழுதினா நம்ம மணிக்கு வரும். 1859-ல பம்பாயோட உள்ளூர் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிஷம் முன்னாடி. அன்னிக்கு விளிம்பு இன்னும் கோணலான இடத்துல விழுந்திருக்கும்.

அப்போ 1859 புயலோட நிஜ அளவு எது, 1600-ஆ 850-ஆ? இதுல ரெண்டு விஷயம் இருக்கு. 1989-ஓட ஒப்பிடணும்னா 850-தான் நியாயம், ஏன்னா ரெண்டும் ஒரே வாளியால மொண்டது. (அதுலயும் கொலாபா ஒரே ஒரு நிலையம். உச்சத்துல ஒரு பகுதி உள்ளூர் மேல்வளிமண்டல மின்னோட்டத்தால வந்திருக்கலாம்னு வாதம் உண்டு.) ஆனா மின்கம்பியை காப்பாத்தணும்னா அந்த எண் உதவாது. கியூபெக்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1989 மார்ச் 13 விடியற்காலை 2:44-க்கு, சுமார் 90 விநாடில மொத்த மின்கட்டமைப்பும் விழுந்துச்சு. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணிநேரம் கரண்டு இல்ல. அந்த புகழ்பெற்ற மைனஸ் 589 எப்ப வந்துச்சு தெரியுமா? கிட்டத்தட்ட 18 மணிநேரம் கழிச்சு! கம்பில மின்சாரத்தைத் தூண்டறது புலம் எவ்ளோ ஆழமா விழுதுங்கறது இல்ல, எவ்ளோ வேகமா மாறுதுங்கறது. 90 விநாடி சமாச்சாரம் 3600 விநாடி வாளில போட்டா கரைஞ்சு காணாமப் போயிடும்.

அதனாலதான் மேல முதல் நிரல்ல `avg` பக்கத்துல `min`-ம் `count`-ம் போட்டேன். நான் மணிநேர டேபிள் கட்டினா சராசரியை சேமிக்கறதில்ல. கூட்டுத்தொகை, எடை, குறைஞ்சது, கூடினது, எண்ணிக்கை இந்த அஞ்சையும் சேமிப்பேன். கூட்டுத்தொகையும் எடையும் இருந்தா நாளைக்கு மணியை நாளாக்கவும் முடியும். வெறும் சராசரிகளோட சராசரி, வாளிகள் சமமா நிரம்பலைன்னா தப்பாப் போயிடும்.

ஆனா அஞ்சு எண்ணும் சேர்ந்தாலும் மூல வரிசைக்கு ஈடாகாது. 1600-ஐயும் 850-ஐயும் ரெண்டு கூட்டம் ரெண்டு வருஷத்துல கணக்கு போட முடிஞ்சதுக்கு ஒரே காரணம், கொலாபாவுல அஞ்சு நிமிஷ அளவுகளை அப்படியே அச்சுல வெச்சிருந்ததுதான். இடம் மிச்சம்னு மணிநேர சராசரியை மட்டும் அச்சடிச்சிருந்தா உச்சம்னு ஒண்ணு இருந்ததே நமக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த ஆய்வகத்தோட காந்த அளவீட்டையே பின்னால, பம்பாய் டிராம் மின்சாரத்துல ஓடப்போகுது, ஊசியைக் கெடுத்துடும்னு, 1904-ல அலிபாகுக்கு கொண்டு போனாங்க. அளவு மேல அவ்ளோ அக்கறை!

டிஸ்கி: பழைய மூல வரிசைகளை தானா அழிக்கற கட்டளை எழுதியிருக்கற சாமிகளா, எத்தனை நாளைக்கு அப்புறம் அழிக்கறீங்க, எந்தக் கணக்கை வெச்சு அந்த நாளை முடிவு பண்ணீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.