துபாய் துணை நிறுவனக் கணக்கும் இரண்டு தணிக்கைத் தரங்களும்

குழுமக் கணக்கைத் தணிக்கை செய்பவர், வெளிநாட்டுத் துணை நிறுவனத்தை வேறொருவர் தணிக்கை செய்திருந்தால் என்ன செய்ய வேண்டும்? இந்தியாவில் 2002-இல் நடப்புக்கு வந்த எஸ்.ஏ. 600, அவரது வேலையை நம்பலாம் என்கிறது. எந்தப் பகுதி தம்மால் தணிக்கை செய்யப்படவில்லை, அதன் சொத்தும் வருவாயும் எவ்வளவு என்று அறிக்கையில் சொல்லிப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 15 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கான திருத்திய ஐ.எஸ்.ஏ. 600-இல் அந்தப் பிரிவினை இல்லை. யார் வேலை செய்தாலும் கருத்துக்கு முழுப் பொறுப்பு குழுமத் தணிக்கையாளருக்கே.

ஓர் எடுத்துக்காட்டு. கோவையில் பம்ப் தயாரிக்கும் குழுமம். வருவாய் 1,000 கோடி, வரிக்கு முந்தைய லாபம் 60 கோடி. லாபத்தில் 5 சதவீதம், அதாவது 3 கோடிக்கு மேற்பட்ட பிழையே பெரிதெனத் தணிக்கையாளர் வைத்திருக்கிறார். துபாய் விற்பனை நிறுவனத்தின் வருவாய் வெறும் 40 கோடி. அதன் கணக்கு டிசம்பர் 31-இல் முடிகிறது, கோவையினது மார்ச் 31-இல். மூன்று மாத இடைவெளியை இந்திய கணக்கியல் தரம் அனுமதிக்கிறது. நடுவில் நடந்த பெரிய பரிவர்த்தனைகளை மட்டும் சரிக்கட்ட வேண்டும்.

மார்ச்சில் கோவை 12 கோடிக்குத் துபாய்க்குச் சரக்கு அனுப்புகிறது. அதில் லாபம் 3.6 கோடி. துபாயின் டிசம்பர் கணக்கில் அந்தக் கொள்முதலே கிடையாது. ஒருங்கிணைக்கிறவர் 'வழியில் உள்ள சரக்கு' என்று விற்பனை விலையில் எழுதி முடித்துவிடுகிறார். வெளியாருக்கு விற்காத சரக்கின் லாபம் குழும லாபமாகிவிட்டது.

துபாய் தணிக்கையாளரின் அறிக்கை சுத்தமானது, உண்மையும்கூட. டிசம்பரில் குறையொன்றும் இல்லை. எஸ்.ஏ. 600-இன்படியும் ஒருங்கிணைப்புச் சரிக்கட்டல்களைப் பார்ப்பது முதன்மைத் தணிக்கையாளரின் கடமைதான். ஆனால் 4 சதவீத வருவாயுள்ள நிறுவனம், கையெழுத்தான அறிக்கை, நிரப்பிய கேள்விப் பட்டியல். பெரும்பாலும் கோப்பு அங்கேயே மூடப்படும்.

புதிய தரம் அளவிலிருந்து தொடங்குவதில்லை, பிழை எங்கே வரக்கூடும் என்பதிலிருந்து தொடங்குகிறது. கோவைப் பேரேட்டில் துபாய் தரவேண்டியது 17 கோடி, துபாய் காட்டுவது 5 கோடி என்றால் அந்த 12 கோடிதான் வேலையின் எல்லை. துபாய் முழுவதையும் தணிக்கை செய்ய வேண்டியதில்லை. மார்ச் 31-இல் கிடங்கில் சரக்கை எண்ணுங்கள், ஏப்ரலில் திரும்பி வந்ததைப் பாருங்கள், 15 லட்சத்துக்கு மேற்பட்ட பிழையைத் தெரிவியுங்கள் என்று துபாய்க்காரருக்கு எழுதினால் போதும். பிறகு அவரது வேலைத்தாள்களைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல்: துபாய்க்காரரை நியமித்ததும் கட்டணம் தருவதும் அந்தத் துணை நிறுவனம், கோவைக் கடிதம் அவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. நியமன ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட வேண்டும், அதுவும் ஆண்டுத் தொடக்கத்தில்.

2024-இல் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் இந்தியத் தரத்தைத் திருத்த முன்வந்தபோது, சிறு தணிக்கை நிறுவனங்கள் வேலை இழக்கும் என்று பட்டயக் கணக்காளர் கழகம் எதிர்த்தது. அந்தக் கவலை பொய்யல்ல. ஆனாலும் 3.6 கோடியை யாருமே தேடாத ஏற்பாட்டைக் காப்பாற்ற அது போதுமான காரணம் அல்ல.